காலையைப் பிடிக்கப் போய்க் காலைப் பிடித்த வாசகம்: ஒரு காபித்தூள் விளம்பரத்தின் நிகழ்வு ஆய்வு

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில், மலையடிவாரத்துக்குச் சற்று முன்பாக, காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் சிறிய ஆலை ஒன்று இருக்கிறது. அதன் தலைமை அலுவலகம் பெங்களூரில் உள்ளது. அங்கே சில ஆண்டுகளாக விற்றுவந்த தமது காபித்தூளைச் சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் மளிகைக் கடைகளுக்குக் கொண்டுவர அந்நிறுவனத்தார் தீர்மானித்தபோது, ஆங்கிலத்தில் வைத்திருந்த விளம்பர வாசகத்துக்குத் தமிழ் வடிவம் தேவைப்பட்டது. அந்த வேலையின் இரண்டாம் கட்டத்தில்தான் நான் அழைக்கப்பட்டேன். முதல் கட்டம் அதற்குள் தவறாக முடிந்திருந்தது.

ஆங்கில வாசகம் ‘கிரவுண்ட்ஸ் ஃபார் எ குட் மார்னிங்’ என்பது. ‘கிரவுண்ட்ஸ்’ என்ற சொல்லுக்கு அரைத்த காபித்தூள் என்றும் பொருள், ஒன்றைச் செய்வதற்கான நியாயமான காரணம் என்றும் பொருள். அந்தச் சிலேடையின் மேல் ‘குட் மார்னிங்’ என்ற வாழ்த்து ஏறி உட்கார்ந்திருக்கிறது. எனவே ஐந்து சொற்களுக்குள் பொருளின் பெயர், வாங்குவதற்கான காரணம், காலை வாழ்த்து ஆகிய மூன்றும் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அது நல்ல வாசகம்தான். அதில் எனக்குக் குறையில்லை.

இதைத் தமிழாக்கும் பொறுப்பைப் பெங்களூரில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் முதலில் கொடுத்திருந்தார்கள். அவர்கள் மூன்று வடிவங்கள் தந்திருந்தார்கள். ‘நல்ல காலைக்கான காரணங்கள்’ என்பது முதலாவது. இலக்கணப் பிழை எதுவும் இல்லாத தொடர், ஆனால் தேர்வு வினாத்தாளில் ‘விடிவதற்கான காரணங்களை விளக்குக’ என்று கேட்பது போன்ற தொனி. இரண்டாவது வடிவத்தில் ‘கிரவுண்ட்ஸ்’ என்பதற்கு அகராதியைப் பார்த்து ‘மண்டி’ என்று போட்டிருந்தார்கள். மண்டி என்பது டிகாக்‌ஷன் இறங்கிய பிறகு பில்டரின் மேல்தட்டில் தங்கும் சக்கை. செடிக்கு உரமாகப் போகிற பண்டத்தை விலைக்கு விற்பதாக விளம்பரம் செய்ய முடியாது என்பதால் அது அங்கேயே விழுந்தது. மூன்றாவதாகத் தந்ததுதான் தேர்வானது: ‘உங்கள் காலை பிடிக்க ஒரு காரணம்’.

எழுதியவர் நினைத்தது ‘உங்களுடைய காலைப்பொழுது உங்களுக்குப் பிடித்துப்போக ஒரு காரணம்’ என்பதாகும். இந்தத் தொடரை வேறொருவர் ஆங்கிலத்துக்கு மீண்டும் பெயர்த்துக் கொடுத்தபோது, காலையை நேசிக்க ஒரு காரணம் என்ற பொருளே வந்தது. தமிழ் படிக்கத் தெரியாத விளம்பரப் பொறுப்பாளருக்கு அது திருப்தியாக இருந்தது. பதாகைக்கான மாதிரி சேலத்து அச்சகம் ஒன்றுக்கு வந்தது. அங்கே பிழை திருத்துபவர் கவனமானவர். வல்லினம் மிகவேண்டிய இடம் விட்டுப்போயிருக்கிறது என்று கருதி ஒரு ‘ப்’ சேர்த்தார். வாசகம் ‘உங்கள் காலைப் பிடிக்க ஒரு காரணம்’ என்று ஆயிற்று.

இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்பது பள்ளி இலக்கணம். ‘காலை’ என்பது பொழுதைக் குறிக்கும் எழுவாயாக நின்றால் ‘காலை பிடிக்க’ என்று மிகாமல் வரும். ‘கால்’ என்ற சொல் ‘ஐ’ உருபு ஏற்று நின்றால் ‘காலைப் பிடிக்க’ என்று மிகும். அதாவது ஒரே ஒரு ஒற்றெழுத்து, விடியற்காலையை உள்ளங்கால் ஆக்கிவிட்டது. பிழை திருத்தியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் ஒற்று இல்லாத வடிவத்தைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னாலும் பெரும்பாலோர் ‘ப்’ சேர்த்தே படிக்கிறார்கள். காலைப் பிடிப்பது நமக்கு நாவில் பழகிய தொடர், காலை பிடிப்பது அப்படியல்ல. அச்சகத்துக்கு எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் மாதிரியைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, காபித்தூள் விக்கறதுக்கு இவுங்க எதுக்குங்க நம்ம காலைப் புடிக்கணும்?” என்று கேட்டாராம். அச்சக உரிமையாளர் தொலைபேசியில் பெங்களூருக்குச் சொன்னார், பதாகை நின்றது.

இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது, தவறு எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை என்பதே. மீள்மொழிபெயர்ப்பு என்பது சொற்களின் பொருள் மாறாமல் வந்திருக்கிறதா என்று மட்டும் காட்டும் கருவி. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளுக்கு அது போதும். ஒரு தொடரைக் கேட்டவுடன் காதுக்குள் வேறெந்தத் தொடர் ஒலிக்கிறது என்பதை அது காட்டாது. விளம்பர வாசகமோ அந்த இரண்டாவது ஒலியில்தான் பிழைக்கும் அல்லது சாகும்.

என்னிடம் வந்தபோது நிறுவனத்தார் இரண்டு யோசனைகளைக் கையில் வைத்திருந்தார்கள். ஒன்று, ஆங்கிலச் சொற்களையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம் என்பது. 1990களின் இறுதியில் ‘யே தில் மாங்கே மோர்’ என்ற பெப்சியின் இந்தி வாசகம் தமிழில் ‘உள்ளம் கேட்குமே மோர்’ என்று வந்தது பலருக்கு நினைவிருக்கும். உள்ளம் எதற்கு மோர் கேட்கிறது என்று வீட்டுக்கு வீடு கிண்டல் செய்தாலும், அந்தக் கிண்டலே வாசகத்தை வாழவைத்தது என்று சொல்லலாம். எங்கள் வாசகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ‘கிரவுண்டு’ என்றால் சேலத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடம், சென்னைக்காரருக்கு 2,400 சதுர அடி மனை. இரண்டிலும் காபி வாசனை வராது.

மற்ற யோசனை, ‘பேஷ் பேஷ் மாதிரி ஒன்று’ என்பது. காபிக்குத் தமிழில் வாசகம் எழுதும் எவரும், அதுவும் சேலத்தில் உட்கார்ந்து எழுதுபவர், இந்தக் கோரிக்கையிலிருந்து தப்ப முடியாது. நரசுஸ் காபி சேலத்து நிறுவனம். ‘பேஷ், பேஷ், ரொம்ப நன்னா இருக்கு’ என்ற அதன் வாசகம் எந்த மொழியிலிருந்தும் பெயர்க்கப்பட்டதாகத் தோன்றாது. காபியை உறிஞ்சிவிட்டு ஒரு குறிப்பிட்ட வீட்டுப் பேச்சில் ஒருவர் சொல்லும் பாராட்டு அப்படியே தூக்கி வைக்கப்பட்டது போல் இருக்கும். அதைப் போலச் செய்தால் வாடிக்கையாளருக்கு நினைவு வருவது அவர்களுடைய காபியே தவிர நம்முடையதாக இருக்காது என்று சொன்னேன். ஆனால் அந்த வாசகத்திடம் கற்க ஒன்று இருந்தது. காபியைச் சுற்றித் தமிழர் வாயில் ஏற்கெனவே என்ன பேச்சு இருக்கிறது என்று தேடவேண்டும் என்பதே அது.

பொறுப்பாளரிடம் நான் முதலில் கேட்டது மொழியைப் பற்றியதல்ல. இந்த வாசகம் ஆங்கிலத்தில் என்ன வேலை செய்கிறது, அந்த வேலைகளில் எதை இழந்தாலும் பரவாயில்லை, எதை இழக்கக்கூடாது என்று கேட்டேன். ஒரு வார யோசனைக்குப் பிறகு அவர் தந்த பதில் தெளிவாக இருந்தது. சிலேடை போனால் போகட்டும், ஆனால் கேட்டவர் முகத்தில் சிறு புன்னகை வரவேண்டும். காலையோடு உள்ள உறவு கட்டாயம் வேண்டும். காபி இருந்தால்தான் காலை என்ற காரண உறவு எப்படியாவது இருக்கவேண்டும். தவிர, 200 கிராம் உறையின் முகப்பில் ஒரே வரியில் அடங்கவேண்டும். இந்த நான்கும் எழுத்தில் கையில் இருந்ததால்தான் பின்னால் வந்த வாக்குவாதங்களில் நாங்கள் ருசியைப் பற்றிச் சண்டை போடாமல் தப்பினோம்.

‘குட் மார்னிங்’ என்பதற்குத் தமிழில் ‘காலை வணக்கம்’ என்று மேடையில் சொல்கிறோம், கைபேசியில் பூப்படத்தோடு அனுப்புகிறோம். வீட்டிலோ தெருவிலோ காலையில் எதிரில் வருபவரிடம் அப்படி யாரும் சொல்வதில்லை. அம்மாபேட்டையில் வாசல் தெளித்துக்கொண்டிருக்கும் ஒரு அம்மாள் எதிர்வீட்டுக்காரரிடம் கேட்பது “காபி ஆச்சுங்களா?” என்பதுதான். அதற்குக் காபி வேண்டும் என்றோ தருகிறேன் என்றோ பொருளில்லை. எழுந்துவிட்டீர்களா, நலந்தானா, நாள் தொடங்கிவிட்டதா என்று கேட்பதற்குப் பதில் அந்தக் கேள்வி நிற்கிறது. ஆங்கில வாசகம் வாழ்த்தையும் காபியையும் சிலேடையால் கட்டிப்போட்டது. தமிழில் வாழ்த்தே காபியாக இருக்கிறது, கட்டவேண்டிய வேலையே இல்லை. இதைக் கண்ட பிறகு மற்றதெல்லாம் செதுக்கும் வேலை.

செதுக்குவது எளிதாக இருக்கவில்லை. முதலில் எழுதியது ‘காபி ஆச்சா? பொழுது ஆச்சு’ என்பது. ஓசை நன்றாக இருந்தது, பொருள் கெட்டுப்போனது. ‘பொழுதாச்சு’ என்றால் நேரமாகிவிட்டது, கிளம்பு என்று பொருள், அந்தி சாய்ந்துவிட்டது என்றும் கொள்ளலாம். அடுத்தது ‘காபி ஆச்சா? அப்ப விடிஞ்சிரும்’. இதை நான் அஸ்தம்பட்டியில் ஒரு நண்பர் வீட்டில் சொல்லிப் பார்த்தபோது அவருடைய தாயார் சிரித்துவிட்டார். “உன்னை நம்புனா விடிஞ்சாப்லதான்” என்று வசவாகச் சொல்லும் பழக்கம் இந்தப் பக்கத்தில் உண்டு. ‘விடிஞ்சிரும்’ என்று எதிர்காலத்தில் சொன்னால் உருப்பட்ட மாதிரிதான் என்ற ஏளனம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘விடிஞ்சுது’ என்று முற்றாகச் சொன்னாலும், குரலை ஒரு இழுப்பு இழுத்தால் அதே ஏளனம்தான். ‘விடிஞ்சாச்சு’ என்று சொன்னபோது மட்டும் அந்த நிழல் விழவில்லை. விடிந்து ஆயிற்று, வேலை முடிந்தது என்ற நிறைவுப் பொருள் ஏளனத்துக்கு இடம் விடுவதில்லை போலும். இது எந்த அகராதியிலும் கிடைக்காத வேறுபாடு, அந்த அம்மாளின் சிரிப்பில் கிடைத்தது.

ஆக வாசகம் இப்படி நின்றது: ‘காபி ஆச்சு. விடிஞ்சாச்சு.’

இதில் ‘காரணம்’ என்ற சொல் இல்லை. ஆனால் முதலில் காபி, பிறகு விடியல் என்று வரிசையைத் திருப்பி வைத்திருப்பதால், காபி ஆனதால்தான் விடிந்தது என்ற காரண உறவு கேட்பவர் மனத்தில் தானே உண்டாகிறது. புன்னகையும் அந்தத் தலைகீழ் வரிசையிலிருந்துதான் வருகிறது. இரண்டு தொடர்களும் ‘ஆச்சு’ என்று முடிவதால் இயைபு அமைந்து, ஒருமுறை கேட்டாலே திரும்பச் சொல்ல முடிகிறது. இவற்றைவிட எனக்கு நிறைவு தந்தது ‘ஆச்சு’ என்ற வினையின் ஒரு குணம். அது ‘ஆயிற்று’ என்பதன் பேச்சு வடிவம். ‘போட்டேன்’, ‘போட்டாள்’ என்பதைப் போல் அது யார் செய்தார் என்று காட்டாது. வாடிக்கையாளரை நீ என்பதா, நீங்கள் என்பதா என்ற சிக்கல் எழவில்லை. விடியலில் எழுந்து காபி போடுபவர் அம்மாவா, மனைவியா, மாமனாரா என்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கொங்குப் பக்கத்து மரியாதைக்கு ‘ஆச்சுங்க’ என்று போடவேண்டும் என்று விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வாதிட்டார். கேள்வியாக இருந்திருந்தால் அவர் சொன்னதை ஏற்றிருப்பேன். அறிக்கையாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல் இருப்பதால் ‘ங்க’ இல்லாததை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. தவிர ‘ங்க’ சேர்த்தால் ஆத்தூரைத் தாண்டிக் கிழக்கே போகும்போது வேற்றூர் வாடை வந்துவிடும்.

சோதனை என்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை ஆகிய இடங்களில் எனக்குப் பழக்கமான 11 பேரிடம் வாசகத்தை ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு, வேறு பேச்சு பேசி, கால் மணி நேரம் கழித்து என்ன சொன்னேன் என்று கேட்டேன். பிடித்திருக்கிறதா என்று கேட்பதில்லை, அப்படிக் கேட்டால் நம்மவர் முகத்துக்காக நன்றாயிருக்கிறது என்றே சொல்வார்கள். பெரும்பாலோர் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் இருவர் மட்டும் சரியாகச் சொல்லிவிட்டு, “நமக்கு டீதானுங்களே” என்று சேர்த்துக்கொண்டார்கள். வாசகத்தின் எல்லை அதில் தெரிந்தது. பட்டறையிலும் தறிக்கூடத்திலும் நாள் டீயோடு விடிகிறது, எனவே இந்த வாசகம் வீட்டுக்காகக் காபித்தூள் வாங்குபவரிடம் மட்டுமே வேலை செய்யும். நிறுவனத்துக்கு அதை எழுத்தில் கொடுத்தேன். டீக்கடைகளுக்கு விளம்பர அட்டை கொடுக்கும் திட்டத்தை அவர்கள் கைவிட்டதற்கு அது ஒரு காரணம்.

ஒப்புதல் பெறுவது தனி நாடகம். நேரடி மீள்மொழிபெயர்ப்பில் வாசகம் ‘காபி முடிந்தது, விடிந்துவிட்டது’ என்று ஆங்கிலத்தில் போயிற்று. காபி தீர்ந்துபோய்விட்டது என்று விளம்பரம் செய்வதா என்று பொறுப்பாளர் திகைத்துப்போனார். அதனால்தான் இத்தகைய வேலையில் வாசகத்தோடு ஒரு பக்க விளக்கமும் சேர்ந்தே போகவேண்டும். அதில் நேர்ப்பொருள், கேட்பவர் காதில் விழும் பொருள், எந்தப் பேச்சு வழக்கிலிருந்து எடுத்தது, எந்த வடிவங்கள் ஏன் விலக்கப்பட்டன என்பவற்றை எழுதினேன். ‘விடிஞ்சிரும்’ கதையைப் படித்த பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. கட்டணத்தைச் சொற்கணக்கில் கேட்ட கணக்குப் பிரிவுக்கும் அதே பக்கம் பயன்பட்டது. மூன்று சொல்லுக்குச் சொல்விலை போட்டால் அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு போக ஆட்டோவுக்குக்கூடக் காணாது.

பின்பு வாசகத்தோடு எதையாவது ஒட்டவைக்கும் ஆசை தொடங்கியது. ‘சுத்தமான மலைக் காபி’ என்று கீழே சேர்க்கலாமா என்றார்கள். அந்தத் தூளில் காபி 70 விழுக்காடு, சிக்கரி 30 விழுக்காடு. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, கலவை விகிதத்தை உறையில் காட்டவும் வேண்டும். எனவே பொருள் சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் பின்பக்கத்தில் 30 விழுக்காடு சிக்கரி என்று அச்சிட்டுவிட்டு முன்பக்கத்தில் ‘சுத்தமான’ என்று எழுத முடியாது. ‘1820 முதல்’ என்று போடலாமே என்று இன்னொருவர் கேட்டார். சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பது உண்மை. அது மலையின் வயது, நிறுவனத்தின் வயது அன்று. கொட்டையில் ஏறக்குறையப் பாதி சிக்கமகளூரிலிருந்து வருவதால் ‘ஏற்காட்டுக் காபி’ என்பதும் நிற்காது. வாசகம் எதையும் உரிமை கொண்டாடாமல் இருப்பதே அதன் பாதுகாப்பு என்று சொல்லி எல்லாவற்றையும் விலக்கினேன்.

பேச்சு வழக்கு உறையில் ஏறலாமா என்ற கேள்வி மட்டும் நியாயமானது. நிறுவனத்தில் தமிழ் படித்த மூத்த அலுவலர் ஒருவர், ‘விடிந்தாயிற்று’ என்று எழுதுவதே முறை என்றார். எழுதிக் காட்டினேன்: ‘காபி ஆயிற்று. விடிந்தாயிற்று.’ அவரே படித்துவிட்டு, நாடகத்தில் அரசர் பேசுவது போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். முகப்பு வாசகம் பேச்சுத் தமிழிலும், செய்முறையும் பிற விவரங்களும் எழுத்துத் தமிழிலும் இருக்கட்டும் என்று முடிவானது.

அச்சில் ஒரு தொல்லை வந்தது. உறை அடர்பழுப்பு நிறம், எழுத்து வெள்ளை. ‘விடிஞ்சாச்சு’ என்ற ஒரே சொல்லில் இரண்டு மெய்யெழுத்துகள். சிறிய அளவில் வெள்ளைப் புள்ளிகளைச் சுற்றியுள்ள மை மூடிவிட்டால் ‘ஞ’, ‘ச’ என்று உயிர்மெய்யாகிச் சொல் குலைந்துபோகும். முதல் மாதிரியில் அப்படித்தான் ஆனது. வேறு எழுத்துருவைத் தேடாமல், இருந்த எழுத்துருவிலேயே புள்ளிகளை மட்டும் பெரிதாக வரையச் சொன்னோம்.

தூள் கடைகளுக்கு வந்து சில மாதங்கள் ஆனபின் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையொன்றில் விசாரித்தேன். “விடிஞ்சாச்சு காபித்தூளுங்களா? எரநூறு கிராமா, அரை கிலோவா?” என்று கேட்டார் கடைக்காரர். நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன். அப்படி ஒரு தூள் தம்மிடம் இல்லை என்றார். அவர் கைக்குப் பின்னால் அலமாரியில் அதுதான் அடுக்கியிருந்தது. இதை நான் பெங்களூருக்குத் தெரிவித்த பிறகு, அடுத்த அச்சில் நிறுவனப் பெயரை வாசகத்துக்கு மேலிருந்து எடுத்து, ‘விடிஞ்சாச்சு’ என்ற சொல்லுக்கு ஒட்டினாற்போல் அதே அளவில் வைத்திருக்கிறார்கள்.